ஒற்றைச் சம்பளம்: வீட்டில் எப்படிப் பேசுவது?

பீளமேட்டுக்காரன், 8 ஜூன் 2025, இரவு 11.40

வீட்டில் ஐந்து பேர், சம்பளம் ஒன்று. கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 58,000 வருகிறது. மனைவி பி.காம். மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் ஒன்றாம் வகுப்பு. அப்பா பென்ஷன் இல்லாத மில் தொழிலாளி, அம்மாவுக்குச் சர்க்கரை.

வீட்டுக் கடன் தவணை 21,500. மளிகை, பால், காய், கேஸ் எல்லாம் சேர்த்து 13,000. பள்ளியும் வேனும் மாதக் கணக்கில் 5,500. மருந்து 4,800. கரண்ட், போன் 2,200. பெட்ரோல் 2,500. சீட்டு 5,000. எல்.ஐ.சி. 2,000. மிச்சம் 1,500. இதில் நான் வீணாக ஒன்றும் செய்யவில்லை. அவர்களும் செய்யவில்லை.

ஆனாலும் போன வாரம் அம்மா, "ஐப்பசியில தங்கச்சி பையனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீருக்கு ரெண்டு பவுன்ல சங்கிலி போட்டுறலாம் கண்ணு, சீட்டுப் பணம் வருதில்ல" என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்றைக்கு எல்லோர் மேலும் வந்த வெறுப்பு இன்னும் போகவில்லை. தூங்குகிற மகள் மேல்கூட. இதை வெளியே சொல்ல முடியவில்லை. எப்படிப் பேசுவது?

மதுரை மைனர், 9 ஜூன், காலை 7.15

பி.காம். படித்த மனைவி வீட்டில் இருக்கும்போது என்ன பேச்சு வேண்டிக் கிடக்கிறது? டேலி தெரிந்தால் 14,000க்கு வேலை கிடைக்கும். இரண்டு சம்பளம் வந்தால் இந்தக் கோபமெல்லாம் தானாகப் போய்விடும். என் வீட்டில் அப்படித்தான் போனது.

ஷார்ஜா செல்வம், 9 ஜூன், காலை 9.02

நானும் ஒற்றைச் சம்பளம்தான். மாதம் பிறந்ததும் மொத்தத்தையும் ஒரே தடவையில் அனுப்பிவிடுவேன். நாலு தடவையாக அனுப்பினால் கமிஷன் போய்விடும். எந்த ஆப் என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

பீளமேட்டுக்காரன், 9 ஜூன், காலை 9.30

செல்வம் அண்ணா, நான் வெளிநாட்டில் இல்லை. பணம் அனுப்புவது பற்றிக் கேட்கவில்லை. ஆனால் வீட்டிலிருந்து அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் இதை எப்படித் தாங்குகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஓய்வுபெற்ற காசாளர், 9 ஜூன், பிற்பகல் 2.20

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் வங்கிக் கவுன்டரில் இருந்தவள் நான். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு என் சம்பளம் மட்டும்தான். அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

உன் கணக்கில் ஒரு வரி குறைகிறது. மிச்சம் 1,500 என்கிறாய். தீபாவளி, டயர், பல் வலி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் எதிலிருந்து போகிறது? இப்படிக் கணக்குச் சொல்பவர்களிடம் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாத கடன் ஒன்று இருக்கும். கார்டா, கைமாற்றா? பொதுவில் சொல்ல வேண்டியதில்லை. உனக்குத் தெரிந்தால் போதும்.

மைனர் சொல்வதில் பாதி சரி. உன் மனைவி வேலைக்குப் போக ஆசைப்படலாம். ஆனால் நீ தட்டை வைத்துவிட்டு எழுந்த வாரத்தில் அந்தப் பேச்சை எடுத்தால், "நீ உட்கார்ந்து சாப்பிடுகிறாய்" என்றுதான் அவளுக்குக் கேட்கும். முதல் பேச்சு அது இல்லை. ஆறு வருட இடைவெளிக்குப் பின் உடனே 14,000 கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை.

பீளமேட்டுக்காரன், 9 ஜூன், இரவு 10.55

கார்டுதான். 74,000 நிற்கிறது. இரண்டு வருடமாகச் சேர்ந்தது. ஒவ்வொரு மாதமும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டுகிறேன், மாதக் கடைசியில் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அதே கார்டைத் தேய்க்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

சீட்டு செப்டம்பரில் முடியும். கழிவு போக ஒரு லட்சத்துக்கு மேல் வரும். அதில் இதை அடைத்துவிடலாம் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். அம்மா அதே பணத்தைச் சங்கிலிக்கு வைத்திருக்கிறார். அன்றைக்குக் கோபம் ஏன் அப்படி வந்தது என்பது எனக்கே இப்போதுதான் பிடிபடுகிறது.

கதவுக்கு உள்ளே, 10 ஜூன், காலை 11.10

நான் இல்லத்தரசி. மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் மகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க 150 ரூபாய் கேட்டால் என் கணவர் பர்ஸை எடுப்பதற்கு முன் ஒரு மூச்சு விடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த மூச்சுக்குப் பயந்தே பல செலவுகளைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். என் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யச் சொல்லி ஒரு வருடம் ஆகிறது.

2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. வீட்டில் இரண்டு ஆள் உழைக்கிறோம். சம்பளம் ஒருவருக்குத்தான் வருகிறது. பேசும்போது இதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள்.

பீளமேட்டுக்காரன், 10 ஜூன், பிற்பகல் 1.25

அந்த மூச்சு என்னிடமும் இருக்கிறது. என் மனைவியும் எதையாவது தள்ளிப்போட்டிருப்பாளோ என்று காலையிலிருந்து யோசனை. அவள் கண்ணாடியில் ஒரு பக்கம் நூல் சுற்றியிருக்கிறது. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஷிப்ட், 10 ஜூன், இரவு 8.40

நான் சென்னையில் நர்ஸ். 33 வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா, தம்பி மூவரும் என் சம்பளத்தில்தான். தம்பி நாலு வருடமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். எனக்கு வரன் வந்தால், "அவன் செட்டில் ஆகட்டும்" என்கிறார்கள். அனுப்புவதை நிறுத்தலாமா? நீங்கள் கேட்பதும் அதுதானே?

ஓய்வுபெற்ற காசாளர், 10 ஜூன், இரவு 9.30

அம்மாடி, தம்பி கேட்டது அதுவல்ல, ஆனால் நீயும் கேள். அவனுக்குச் சுமை கனக்கிறது. உனக்கோ சுமையோடு சேர்த்து உன் வாழ்க்கையும் தள்ளிப்போகிறது. நிறுத்தினால் ஒரே மாதத்தில் நீயே மனசு கேட்காமல் திரும்ப அனுப்புவாய். அதன்பின் உன் சொல்லுக்கு அங்கே மதிப்பு இருக்காது. தொகைக்குத் தேதி வை. "தம்பி படிப்புக்கு வரும் மார்ச் வரை. ஏப்ரலிலிருந்து அந்தப் பணம் என் கணக்கில் போகும்" என்று இப்போதே சொல். பெற்றோர் மருந்துக்கும் வாடகைக்கும் தேதி கிடையாது. இரண்டையும் ஒரே தொகையாக அனுப்பாதே. ஒன்றாக அனுப்புவதால்தான் எது யாருக்கு என்று உனக்கே தெரியாமல் போகிறது.

இப்போது தம்பிக்கு. கார்டுக்கு மாத வட்டி மூன்றரை சதவீதம் வாக்கில் இருக்கும். 74,000க்கு மாதம் 2,590. உன் மிச்சமே 1,500 என்றால் அந்தக் கடன் எப்படிக் குறையும்? அதையே வங்கியில் நகைக் கடனாக மாற்றினால் வருடத்துக்கு ஒன்பதரை சதவீதம் என்று வை, மாதம் 600க்குள் முடியும். இரண்டு பவுன் வைத்தாலே போதும். சீட்டுப் பணம் வந்ததும் மீட்டுவிடலாம்.

ஆனால் நகை உன் மனைவியுடையது. அவளிடம் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது. செய்யவும் கூடாது. பேச்சை அங்கிருந்து தொடங்கு. அவளோடு மட்டும். அம்மா அப்பா முன்னால் வேண்டாம். மாதக் கடைசியில் வேண்டாம். ஏதாவது செலவுப் பேச்சு நடக்கும்போது நிச்சயமாக வேண்டாம். ஒரு தாளில் எல்லாத் தொகையையும் எழுதி, கார்டையும் சேர்த்து எழுதி, அவள் கையில் கொடு. "நீங்களெல்லாம்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று தொடங்கு.

மதுரை மைனர், 11 ஜூன், காலை 6.50

ஆம்பிளை போய்ப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் வீடு ஆடிப்போகாதா? குடும்பத் தலைவன் தைரியமாக நிற்க வேண்டும்.

கதவுக்கு உள்ளே, 11 ஜூன், காலை 10.05

என் கணவர் ஒரே ஒரு தடவை அப்படிச் சொன்னால் போதும், அந்த மூச்சை எல்லாம் மறந்துவிடுவேன். மூச்சு விடும்போதே வீடு ஆடத்தான் செய்கிறது. எதனால் என்றுதான் எங்களுக்குத் தெரிவதில்லை.

பீளமேட்டுக்காரன், 15 ஜூன், இரவு 11.15

பேசினேன். மகள் தூங்கியபின் மொட்டை மாடியில். தாளைக் கொடுத்தேன். பயம் என்றுதான் தொடங்கினேன். எங்கள் பிரிவிலேயே இரண்டு பேரை ஆர்டர் இல்லை என்று நிறுத்தியதையும், அடுத்து யார் என்று தெரியாததையும் சொன்னேன். சம்பளம் நின்றால் நம் வீடு ஒரு மாதம்கூட ஓடாது என்றேன்.

பற்றாக்குறைக்கு அவள் கோபப்படவில்லை. கார்டு வரியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ரெண்டு வருஷமா நான் என்னவோ செலவு பண்ணுறேன்னுதானுங்க நெனச்சுட்டு இருந்தேன். நீங்க மூஞ்சியத் தூக்குறப்பல்லாம் என்ன வாங்குனோம்னு எண்ணிப் பார்ப்பேன். இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே வளையலைக் கழற்றினாள். இப்போதே வேண்டாம், திங்கட்கிழமை பேங்க்குக்குப் போகும்போது கொண்டுவா என்றேன்.

இன்னொன்றும் சொன்னாள். மளிகைப் பணத்தில் மிச்சம் பிடித்து 19,000 சிறுவாடு வைத்திருக்கிறாளாம். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். எனக்கு இப்போது இரண்டு மனசு. ஒருபக்கம் அழுகை வருகிறது. இன்னொரு பக்கம், இத்தனை நாள் நான் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டிலேயே பணம் இருந்திருக்கிறதே என்று ஒரு சுருக். இந்தச் சுருக் சரியா தப்பா என்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர், 16 ஜூன், காலை 8.10

அந்தச் சிறுவாட்டைத் தொடாதே. உன் வீட்டில் அவசரத்துக்கு இருக்கும் ஒரே கைப்பணம் அதுதான். அதைச் சேர்த்ததும் அவள்தான். அது அவள் பெயரில் இருக்கட்டும், எவ்வளவு என்று உனக்குத் தெரிந்தால் போதும். நீ கடனை மறைத்தாய், அவள் சேமிப்பை மறைத்தாள், இரண்டும் ஒரே பயத்தில்தான். அந்தச் சுருக் கொஞ்ச நாளில் ஆறும்.

நகைக் கடனை அவள் பெயரிலேயே போடு. கையெழுத்து அவளுடையது, ரசீது அவளிடம். அன்றைக்கே கார்டை முழுதாக அடைத்துவிட்டு, பாக்கி இல்லை என்பதை ஸ்டேட்மென்ட்டில் பார். கவுன்டரில் நான் அடிக்கடி பார்த்தது இது: நகைக் கடன் வாங்கிக் கார்டை அடைப்பார்கள், அடுத்த தீபாவளிக்கு இரண்டு கடனும் நிற்கும். கார்டைக் கொஞ்ச நாள் அவளிடம் கொடுத்து வை.

பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. உனக்குப் பி.எஃப். பிடிக்கிறார்களே, வேலையில் இருக்கும்போது உனக்கு ஏதாவது ஆனால் அதோடு சேர்ந்த காப்பீட்டில் நாமினிக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். அதற்கென்று உன் சம்பளத்தில் பிடிப்பதில்லை, கம்பெனி கட்டுகிறது. உன் நாமினேஷனைப் பார்த்தாயா? கல்யாணத்துக்கு முன்னால் போட்டது என்றால் கல்யாணத்தோடு அது செல்லாமல் போய்விடும். புதிதாகப் போட வேண்டும்.

பீளமேட்டுக்காரன், 16 ஜூன், இரவு 10.20

பார்த்தேன் அக்கா. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்டது அப்படியே கிடக்கிறது. ஆன்லைனில் மனைவி, மகள் பெயரைச் சேர்த்துவிட்டேன். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் செய்தேன்.

கார்டு அடைந்தது.

மூன்றாவது ஷிப்ட், 18 ஜூன், காலை 6.05

நைட் டூட்டி முடித்து வந்து எழுதுகிறேன். அம்மாவிடம் தேதி சொன்னேன். "பொறந்தவன் படிப்புக்குக் கணக்குப் பார்க்கிறியா?" என்று போனை வைத்துவிட்டார். தம்பி மட்டும் தனியாக மெசேஜ் போட்டான், "மார்ச்னா ஓகே அக்கா" என்று. அவனுக்கும் இது பாரமாக இருந்திருக்கும்போல. அவனிடம் நேரடியாக யாரும் பேசியதே இல்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பீளமேட்டுக்காரன், 22 ஜூன், இரவு 9.50

அப்பா அம்மாவிடம் பேசியது இப்படிப் போகவில்லை.

மனைவியும் நானும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். மருந்துச் செலவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. கேட்பது ஒன்றே ஒன்று: சீர் இரண்டு பவுன் இல்லை, ஒரு பவுன், துணிமணி, தட்டு வரிசை. பேசுவது நான் மட்டும். மருமகள் பேசினால் அது அவள் செய்த வேலை என்று ஆகிவிடும்.

அப்படித்தான் பேசினேன். சீட்டுப் பணம் எங்கே போகிறது என்பதையும் சொன்னேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ நாங்க ரெண்டு பேரும் உனக்குப் பாரம், அப்படித்தான சாமி?" என்றார். இல்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை. அம்மா அன்றைக்கே தங்கைக்குப் போன் பண்ணிவிட்டார். தங்கை என்னைக் கூப்பிட்டு, "மாமனார் வீட்டுல நான் எப்படிண்ணா தலை நிமிர்ந்து நிப்பேன்?" என்று அழுதாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவள் நாத்தனார் பையனுக்கு இரண்டு பவுன் போட்டிருக்கிறார்கள்.

கதவுக்கு உள்ளே, 23 ஜூன், காலை 10.40

உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு வாயால் இல்லை என்று சொன்னால் போதாது. அவருக்கு வீட்டில் ஏதாவது பொறுப்பு கொடுங்கள். என் மாமனார் கரண்ட் பில், ரேஷன், பேத்தியைக் கூட்டிவருவது எல்லாம் தன் கையில் வந்தபிறகுதான் முகம் கொடுத்துப் பேசினார். பாரம் என்று அவரே நினைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் குத்தத்தான் செய்யும்.

மதுரை மைனர், 23 ஜூன், பிற்பகல் 12.30

இதை ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னபோது என் மனைவி வேலைக்குப் போனது சுலபமாக நடந்த மாதிரி எழுதிவிட்டேன். பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, சோறு போட்டு, டியூஷனுக்கு விட்டது என் அப்பாதான். அவர் இல்லை என்றால் அந்த இரண்டாவது சம்பளம் கிடையாது. ஆனால் சீர் விஷயத்தில் தம்பி சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தங்கைக்குத் தாய்மாமன் செய்வது ஒரு தடவைதான். கடனை இன்னும் ஆறு மாதம் இழுக்கலாம், காதுகுத்தை இழுக்க முடியாது.

ஓய்வுபெற்ற காசாளர், 23 ஜூன், மாலை 5.45

மைனர், நகைக் கடன் அப்படி இழுக்கிற கடன் இல்லை. வழக்கமாக வருடத்துக்குள் அசலும் வட்டியும் கட்டி மீட்க வேண்டும். விட்டால் ஏலத்துக்கு நோட்டீஸ் வரும். தங்கை பையனுக்குச் சங்கிலி போட்டுவிட்டு மனைவியின் வளையல் ஏலத்துக்குப் போனால், அந்த வெறுப்பு யார் மேல் வரும் என்று யோசியுங்கள்.

தங்கையின் கவலையை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாப்பிள்ளையிடம் நேரில் போய்ப் பேசினால் சில இடத்தில் எடுபடும், சில இடத்தில் அதுவே குறையாகப் போகும். அவர்கள் வீட்டை உனக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. இப்போது கார்டு வட்டி மிச்சமாகிறது. அதில் உனக்கும் மனைவிக்கும் மாதம் ஆளுக்கு 750 ஒதுக்கு. யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. தொகை சின்னதுதான். கேட்டு வாங்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். உனக்கும் வேண்டும் தம்பி. சம்பாதிக்கிறவன் தனக்கென்று ஒன்றுமே வைத்துக்கொள்ளாமல் இருந்தால் மற்றவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுவதுகூடக் கண்ணை உறுத்தும்.

ஷார்ஜா செல்வம், 27 ஜூன், இரவு 11.30

அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களே, எப்படித் தாங்குகிறீர்கள் என்று. இத்தனை நாள் யோசித்தேன். என் சம்பளம் எவ்வளவு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அனுப்புகிற தொகை மட்டும்தான் தெரியும். கூடுதலாக இருக்கும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், நானும் அப்படியே விட்டுவிட்டேன். இங்கே ஒரு அறையில் ஆறு பேர் இருக்கிறோம் என்று சொன்னதில்லை. வீடியோ கால் என்றால் வெளியே வந்துதான் பேசுவேன். அடுத்த லீவில் அந்தத் தாளை நானும் எழுதிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். ஆனால் ஊருக்குப் போன முதல் வாரத்தில் சொல்ல முடியாது. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருப்பார்கள்.

பீளமேட்டுக்காரன், 6 ஜூலை, இரவு 10.10

நிலவரம். மாப்பிள்ளையிடம் போனேன். அவர் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, "ஒரு பவுனே போதுங்க மச்சான்" என்றார். அவர் அம்மா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. தங்கை இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

அப்பா இப்போது மதியம் மகளைக் கூட்டிவருகிறார். வேனை நிறுத்தினோம். மனைவி டேலி வகுப்பில் சேரலாமா என்று அவளே கேட்டாள். கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். வேலை கிடைக்குமா, அம்மாவைத் தனியாக விட முடியுமா என்பதெல்லாம் அப்புறம்.

கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. முந்தாநாள் அம்மா, பக்கத்து வீட்டில் ஏ.சி. போட்டிருப்பதைச் சொன்னதும் மறுபடி எழுந்தது. ஆனால் இந்தத் தடவை மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். அது போதுமாக இருந்தது. கண்ணாடிக்கும் புது ஃபிரேம் போட்டுக்கொண்டாள், 750இல்.

ஓய்வுபெற்ற காசாளர், 7 ஜூலை, காலை 8.30

நல்லது தம்பி. வேன் நின்றதில் மிச்சமாகும் பணத்தைத் தனியாக ஒரு ஆர்.டி.யில் போடு, மளிகையோடு கலந்துவிடாதே. நகைக் கடன் கெடு தேதியை ரசீதில் பார்த்து இரண்டு பேர் போனிலும் குறித்துவையுங்கள். செப்டம்பரில் சீட்டுப் பணம் வந்ததும், சங்கிலி வாங்கப் போவதற்கு முன்னால் வளையலை மீட்டுவிடுங்கள். மீட்கும்போது கையெழுத்துப் போட அவள் வர வேண்டியிருக்கும். ரசீதையும் ஆதாரையும் எடுத்துவரச் சொல்.

மூன்றாவது ஷிப்ட், 7 ஜூலை, இரவு 9.15

அக்கா, ஆர்.டி.யை என் பெயரில் மட்டும் போடலாமா, அம்மாவையும் சேர்க்க வேண்டுமா? வீட்டில் சேர்க்கச் சொல்கிறார்கள்.

ஓய்வுபெற்ற காசாளர், 7 ஜூலை, இரவு 9.40

உன் பெயரில் மட்டும் போடு. அம்மாவை நாமினியாகப் போட்டால் போதும்.